படிக்கட்டு விளக்கு உபயம்

மலாக்காவின் பாச்சாங்கில் நாங்கள் குடியிருப்பது ஒரு கடைவீட்டின் மேல்மாடியில். கீழே கடை, மேலே குடித்தனங்கள். கட்டடம் முழுவதும் ஒரே மனிதருக்குச் சொந்தம். வயதில் மூத்தவர், எங்கள் மாரியம்மன் கோயில் தலைவரும் அவரே என்பதால் எல்லோரும் அவரை ஓனர் அண்ணன் என்போம். குடிவந்தபோது ஒப்பந்தம் எழுத வேண்டாமா என்று என் கணவர் கேட்டதற்கு, நம்ம ஆளுங்களுக்குள்ள எதுக்கு எக்ரிமெண்ட் என்று சிரித்துவிட்டார். கேட்க எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு விளக்கு எரியாமல் போனால் அது யார் பொறுப்பு என்று காட்ட ஒரு தாளும் நம்மிடம் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

மேலே போவதற்குக் கட்டடத்தின் பக்கவாட்டில் ஓர் இரும்புக் கேட் உண்டு. அதைத் திறந்தால் நீளமான நடை. நடையின் கடைசியில் படிக்கட்டு. ஒரு பக்கம் எங்கள் சுவர், மறுபக்கம் அடுத்த கட்டடத்தின் சுவர், மேலே தகரக் கூரை. பகலிலேயே அங்கே பாதி வெளிச்சம்தான். கேட்டுக்கு மேல் ஒரு விளக்கும் நடையில் இரண்டு குழல் விளக்குகளும் இருந்ததால் அது வரைக்கும் யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

கீழே இருந்த மளிகைக்கடைக்காரர் வயதாகிவிட்டதென்று கடையைக் காலி செய்தார். சில நாளில் கடைக்கான மின்சாரத்தை வெட்டினார்கள். அன்று மாலையே எங்கள் கேட் விளக்கும் நடை விளக்குகளும் செத்துப்போயின. எங்களுக்குக் கீழ்மாடியில் இருக்கும், லோரி ஓட்டுவதால் அந்தப் பெயர் வந்த லோரி அண்ணன் குழல் விளக்கு போய்விட்டதென்று நினைத்துப் புதிது வாங்கி மாட்டிப் பார்த்தார். எரியவில்லை. ஸ்டார்ட்டரை மாற்றினார், எரியவில்லை. ஓனர் அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது, அந்த விளக்குகள் எல்லாம் ஆதியிலிருந்தே மளிகைக்கடையின் மீட்டரில் ஓடிக்கொண்டிருந்தன என்று. இத்தனை வருடமும் எங்கள் வழிக்கு வெளிச்சம் காட்டியவர் அந்தக் கடைக்காரர். அவர் கடையில் வெங்காயம் விலை அதிகம் என்று நாங்கள் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

கடைக்குப் புது ஆள் வந்தால் விளக்கும் வந்துவிடும் என்றார் ஓனர் அண்ணன். கடை பார்க்க வந்தவர்கள் பக்கத்து நடையை எட்டிப் பார்த்துவிட்டு, இடம் ஒரு மாதிரி இருக்கிறதே என்று போய்விட்டார்கள். விளக்கு வர ஆள் வரவேண்டும், ஆள் வர விளக்கு வரவேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்ற கதைதான்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அந்த நடையின் ஒரு பக்கம் முழுவதும் அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார் ஓனர் அண்ணன். வெளியே என்ன எழுதியிருக்கிறதென்று இருட்டில் தெரியாது. முழங்காலில் இடித்துக்கொண்டவர்களுக்கு மட்டும் உள்ளே இருப்பது தெரியும். எல்லாம் கோயில் திருவிழாவுக்குப் போடும் சீரியல் லைட். பச்சை, சிவப்பு, மஞ்சள், மயில் தோகை விரிப்பது போன்ற வளைவு ஒன்று. ஒரு தெருவையே பகலாக்கும் விளக்குகளைப் பெட்டியில் கட்டி வைத்து, அவற்றின் மேல் நாங்கள் தடுக்கி விழுந்துகொண்டிருந்தோம்.

எனக்கு இது வெறும் முழங்கால் பிரச்சினை இல்லை. என் மகள் அப்போதுதான் அரசாங்க மருத்துவமனையில் தாதியாகச் சேர்ந்திருந்தாள். தாதி வேலையில் நேரம் நம் கையில் இல்லை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு என்று மாறிக்கொண்டே இருக்கும். மதிய ஷிப்ட் முடிந்து வார்டை ஒப்படைத்துவிட்டு மோட்டர்சைக்கிளில் வீடு வந்து சேர ஒன்பதரை ஆகிவிடும். கேட்டுக்கு வெளியே மோட்டரை நிறுத்தி, கைப்பேசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, அந்த வெளிச்சத்தில் பூட்டின் துளையைத் தேடுவாள். தோளில் பை, கையில் ஹெல்மெட், வாயில் போன். யாராவது பின்னால் வந்து நின்றால் கத்தக்கூட வாய் காலியாக இருக்காது.

பூட்டைத் தேடித் தேடி அலுத்துப்போய், கட்டடத்தில் எல்லோரும் கேட்டை வெறுமனே சாத்தி வைக்க ஆரம்பித்தார்கள். நானும்தான். இருட்டு முதலில் விளக்கைத் தின்றது, பிறகு பூட்டைத் தின்றது.

ஒருநாள் மதிய ஷிப்ட் முடிந்து வந்தவள் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருக்கிறாள். படிக்கட்டின் அடியில் உட்கார்ந்திருந்த ஒருவன் எழுந்தான். அவள் அலறிய அலறலில் லோரி அண்ணன் கைலியை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தார். அதற்குள் அவன் அவளைப் பெட்டிகளின் மேல் தள்ளிவிட்டுப் பையோடு ஓடிவிட்டான். முழங்கையில் நீளமாகச் சிராய்ப்பு. நான் கீழே இறங்கியபோது அவள் திருவிழா விளக்குகளின் நடுவே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.  

போலீசில் புகார் எழுதிக் கொடுத்தோம். அந்த நடையில் விளக்கு இல்லையா என்று அங்கே இருந்த மலாய்க்கார அதிகாரி கேட்டார். இல்லை என்றோம். போடச் சொல்லுங்கள் என்றார். மலாக்காவிலேயே ஓனர் அண்ணனைத் தவிர எல்லோருக்கும் புரிகிற விஷயமாக இருந்தது அது. லோரி அண்ணன் நகராண்மைக் கழகத்திலும் போய்க் கேட்டுப் பார்த்தார். தெரு விளக்கு என்றால் நாங்கள் பார்ப்போம், கேட்டுக்கு உள்ளே இருப்பது கட்டட உரிமையாளர் பாடு என்று அனுப்பிவிட்டார்கள். அதுவும் நியாயம்தான்.

மகள் படித்த பிள்ளை. எதையும் முறையாகச் செய்வாள். கேட்டையும் நடையையும் பெட்டிகளையும் படம் எடுத்து, ஓனர் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் பணிவாக ஒரு செய்தி அனுப்பினாள். என்ன நடந்தது, எந்தெந்த விளக்கு எரியவில்லை, கடை மீட்டரிலிருந்து பிரித்து வேறு மீட்டருக்கு மாற்ற ஒரு வயர்மேன் போதும், பெட்டிகளையும் அகற்ற வேண்டும் என்று எல்லாம் தெளிவாக இருந்தது. பார்த்ததற்கான இரண்டு நீலக் கோடுகளும் விழுந்தன. பதில் மறுநாள் காலை வந்தது. தாமரைப் பூவின் மேல் லட்சுமி, பக்கத்தில் குத்துவிளக்கு, கீழே காலை வணக்கம்.

திரும்ப அனுப்பினாள். முருகன் வந்தார். மூன்றாவது முறை இரண்டு கைகூப்பிய சின்னங்கள் மட்டும் வந்தன. அவர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. கிணற்றில் போட்ட கல்லாவது விழுந்த சத்தம் கேட்கும்.

சரி, நேரில் போய்க் கேட்போம் என்று நானும் கணவரும் கிளம்பினோம். பெரிய மனிதர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா என்று கணவர் ஆரஞ்சு வாங்கினார். குற்றம் அவர் மேல், பழம் எங்கள் கையில். இதுதான் நம் ஆட்களின் விசேஷம். போனதும் டீ வந்தது, முறுக்கு வந்தது. அவர் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னார். என் கணவர் அதற்கு ஒரு எண்ணெய் சொன்னார். பேச்சு எண்ணெயிலிருந்து கோயில் கோபுரத்துக்கு வர்ணம் பூசுவதற்குப் போய், அங்கிருந்து புலாவ் செபாங்கில் இருக்கும் அவர் சம்பந்தியின் சர்க்கரை வியாதிக்குப் போயிற்று. விளக்கு என்ற சொல்லை எடுக்கக் கணவருக்கு வாய் வரவில்லை. கடைசியில் நான்தான் எடுத்தேன்.

ஓனர் அண்ணன் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்து, மிகுந்த பாசத்தோடு ஒரு யோசனை சொன்னார்.

"பொம்பளப் பிள்ள தங்கச்சி, ராத்திரில வந்து போறது நல்லதா? காலை ஷிப்ட்டே குடுங்கன்னு கேக்கச் சொல்லுங்களேன். இல்லாட்டி ஏதாவது கிளினிக்ல சேத்து விடுங்க. அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வந்துரலாம் லா."

என் கணவர் தலையாட்டினார். அங்கே மரியாதைக்குத் தலையாட்டியிருப்பார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தத் தலை நிற்கவில்லை. அண்ணன் சொல்வதிலும் ஒரு இது இருக்கத்தானே செய்கிறது, இந்த மாசத்தோடு விட்டுவிடட்டுமே, கிளினிக்கும் தாதி வேலைதானே என்றார். மனிதர் கெட்டவர் இல்லை. அன்றிரவு அவள் அலறியதைக் கேட்டதிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. ஆனால் பயம் வந்தால் நம் வீடுகளில் முதலில் அணைப்பது பெண்பிள்ளையைத்தான். ஒரு வயரை மாற்றுவது கஷ்டம், ஒரு பெண்ணின் வேலையை மாற்றுவது சுலபம்.

மகள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"பேஷண்டுக்கெல்லாம் காலையில மட்டுந்தான் நோவு வருமாப்பா? இந்த வேலை கெடைக்க நான் எவ்வளவு படிச்சேன்னு உங்களுக்குத் தெரியும். ஒரு லைட்டு இல்லன்னு நான் விடணுமா?"

 மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் எழுந்துபோனார். அதாவது மாசக் கடைசிக்குள் விளக்கு வராவிட்டால் வேலை போகும். எனக்குக் கோபம் யார் மேல் என்றே தெரியவில்லை. கட்டிய கணவர் மேல் கொஞ்சம், ஓனர் அண்ணன் மேல் நிறைய, எங்கள் கையில் இருந்த ஆரஞ்சுப் பழங்கள் மேல் எல்லாவற்றையும்விட அதிகம்.

அந்த மாதம் ஆடி. கோயிலில் திருவிழா. நடையில் இருந்த பெட்டிகள் தாமாகவே காலியாயின. அவற்றுக்குள் இருந்த விளக்குகள் கோயில் வாசலிலிருந்து பெரிய சாலை வரைக்கும் தோரணம் கட்டி மின்னின. மயில் ஒரு நிமிடம் விடாமல் தோகையை விரித்து விரித்து மடக்கியது. மின் அலங்கார உபயம் என்று ஓனர் அண்ணன் பெயரை வளைவின் உச்சியில் போட்டிருந்தார்கள். ஆத்தாளுக்கு வழி தெரியாமல் போய்விடுமோ என்ற கவலை அவருக்கு.

எங்கள் கோயிலில் உபயம் செய்தவர்களின் பெயரைப் பூசை முடிந்ததும் மைக்கில் வாசிப்பார்கள். வாசிப்பவர் எங்கள் லோரி அண்ணன். செலண்டார் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், ஒரு ரப்பர் காட்டின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்குக் கேட்கிற குரல். அவரிடம் ஒரு குணம் உண்டு. கையில் மைக் வந்துவிட்டால் அவருக்குக் காதும் வாயும் மட்டும்தான் வேலை செய்யும். பக்கத்தில் நின்று யார் என்ன சொன்னாலும் அப்படியே கணீரென்று வெளியே வந்துவிடும். முந்தின வருடம் யாரோ காதில் சொன்ன மோட்டர் நம்பரை, வழியை மறைத்து நிறுத்திய அந்த மோட்டரை எடுக்கச் சொல்வதற்குப் பதிலாக, பால்குட உபயகாரர்களோடு சேர்த்து வாசித்து அதற்கும் அம்மன் அருள் கிடைக்கட்டும் என்று வாழ்த்தியவர்.

அன்று நான் பிரசாதம் கொடுக்கும் மேசையில் நின்றிருந்தேன். மைக்கும் பக்கத்தில்தான். ஓனர் அண்ணனுக்குத் தலையில் பரிவட்டம் கட்டி, முழங்கால் வரைக்கும் தொங்கும் மாலையும் போட்டிருந்தார்கள். அன்னதான உபயம், பூ அலங்கார உபயம் எல்லாம் வாசித்து முடித்து, லோரி அண்ணன் மூச்சு வாங்கினார். அந்த இடைவெளியில் நான் அவர் காதருகே போனேன். முன்கூட்டியே யோசித்து வைத்ததில்லை. மயில் ஒரு தரம் தோகையை விரித்தது, எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். நான் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொரு வரியாக முழங்கினார்.

"அடுத்ததாக, நமது ஆலயத் தலைவர் அவர்கள், ராத்திரி வேலை முடிந்து வீடு திரும்பும் நம் பெண்பிள்ளைகளின் பாதுகாப்புக்காக, பாச்சாங்கில் உள்ள தமது கட்டடத்தின் கேட்டுக்கும் நடைக்கும் படிக்கட்டுக்கும், இந்தத் திருவிழா முடிவதற்குள், புதிதாக விளக்குகள் போட்டுத் தருகிறார். படிக்கட்டு விளக்கு உபயம்!"

படிக்கட்டு என்று வந்தபோதே லோரி அண்ணனின் கண் அகலமாகிவிட்டது. ஆனால் உபயத்தைப் பாதியில் நிறுத்த முடியாது. அம்மன் முன்னால் வாய்விட்டுச் சொன்னது சொன்னதுதான். கூட்டம் கை தட்டியது. பெண்கள் பக்கம் தட்டல் கொஞ்சம் ஓங்கியே கேட்டது. தவில்காரர் வழக்கம்போல ஒரு உருட்டு உருட்டினார். நான் மேசைக்குத் திரும்பிச் சர்க்கரைப் பொங்கல் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

ஓனர் அண்ணன் என்னைத்தான் பார்த்தார். மாலையும் பரிவட்டமுமாக நிற்கிறவர் அதை மறுத்துப் பேச முடியுமா? நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அம்மன் சந்நிதியில் சொன்னால், அப்படியென்றால் போட மாட்டீர்களா என்று அடுத்த கேள்வி வரும். மெல்லக் கைகூப்பினார். வாட்ஸ்அப்பில் வந்த அதே கைகூப்பு. இந்த முறை அதற்கு அர்த்தம் இருந்தது. அதற்குள் இரண்டு பேர் வந்து அவர் கையைக் குலுக்கினார்கள். ஒரு பாட்டியம்மா, நீ நல்லா இருக்கணும்யா என்று கன்னத்தைத் தடவினார். மனிதர் அப்போது சிரிக்கவும் ஆரம்பித்துவிட்டார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் அது தன் யோசனைதான் என்று அவரே நம்பியிருப்பார். உண்மையில் அப்படித்தான் நம்பினார்.

வயர்மேன் மூன்றாம் நாளே வந்துவிட்டார். கடை மீட்டரிலிருந்து வந்த பழைய வயரைக் கழற்றி எறிந்துவிட்டு, மேலே ஓனர் அண்ணன் ஸ்டோராக வைத்திருக்கும் அறையின் மீட்டரிலிருந்து புது வயர் இழுத்தார். அரைநாள் வேலை. இத்தனை மாதங்களாக இந்த அரைநாளுக்குத்தான் நாங்கள் லட்சுமியையும் முருகனையும் தரிசித்துக்கொண்டிருந்தோம். இருட்டினால் தானாக எரிகிற சென்சார் போட்டுவிடலாம் என்று வயர்மேன் சொல்லிப் பார்த்தார். சுவிட்ச் போதும், தேவைப்படும்போது போட்டுக்கொள்வார்கள் என்றுவிட்டார் ஓனர் அண்ணன். காலிப் பெட்டிகளும் ஒருவழியாக நடையைவிட்டுக் கோயில் ஸ்டோருக்குப் போயின.

உபயம் என்று வந்துவிட்டால் சும்மா விளக்கைப் போட்டுவிட்டுப் போக முடியுமா? திறப்பு விழா வைத்தார். கோயில் கமிட்டிக்காரர்கள் சாயங்காலமே வந்துவிட்டார்கள். கேட்டுக்கு எலுமிச்சம்பழம் கட்டி, கற்பூரம் காட்டி, இருட்டுகிற நேரம் பார்த்து ஓனர் அண்ணன் சுவிட்சைத் தட்டினார். வெள்ளை வெளேரென்று எரிந்தன. சுவரில் எத்தனை வருட அழுக்கு இருந்தது என்று அன்றுதான் தெரிந்தது. என் கணவர் படிக்கட்டில் நின்று அந்த நடையை மேலும் கீழும் பார்த்துக்கொண்டே இருந்தார். கிளினிக் பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவில்லை.

பிறகு ஓனர் அண்ணன் பேசினார். பெண்பிள்ளைகளின் பாதுகாப்பு தன் உயிர் மூச்சு என்றார். என்னதான் விளக்குப் போட்டாலும் நம் பிள்ளைகள் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவதுதான் நம் பண்பாடு என்றும் அந்த வெளிச்சத்தில் நின்றே சொன்னார். அதற்கும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. கையில் கேசரித் தட்டு இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேசரி தீர்ந்தது, கமிட்டி கலைந்தது. லோரி அண்ணன் மேலே போய்விட்டார். ஓனர் அண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்டு நடையை ஒருமுறை திருப்தியாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, வீட்டை விட்டுக் கிளம்பும் எல்லோரையும் போல, எந்த யோசனையும் இல்லாமல் சுவிட்சின் மேல் கை வைத்தார்.

"அதான் எல்லாரும் போயாச்சே தங்கச்சி. சும்மா எதுக்கு எரியணும்?"

மணி ஒன்பது ஆகவில்லை. வார்டில் அவள் இன்னும் யாருக்கோ மருந்து கொடுத்துக்கொண்டிருப்பாள். நான் என் கையை எடுத்து அவர் கைக்கும் சுவிட்சுக்கும் நடுவில் வைத்தேன்.

"எல்லாரும் போயிட்டாங்கண்ணே. என் பிள்ள இன்னும் வரல."